ஒரே ஐந்து நாள், மூன்று சார்ட்: லைன், பார், கேண்டில் வரைந்து பழகும் வழி

சார்ட் மென்பொருளைப் புதிதாகத் திறக்கும் எல்லோரும் முதலில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அதே பங்கு, அதே தேதிகள்தான். மேலே உள்ள பட்டனை மாற்றினால் மட்டும் ஒருமுறை வளைந்து செல்லும் கோடு வருகிறது, ஒருமுறை முள் முள்ளாகக் குச்சிகள் வருகின்றன, இன்னொருமுறை பச்சை, சிவப்புப் பெட்டிகள் வருகின்றன. இவற்றில் எது சரி என்று கேட்டால் மூன்றும் சரிதான். ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதில்தான் வித்தியாசம். அதைத் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி, ஒரே விலைகளை மூன்று விதமாகவும் ஒருமுறை கையால் வரைந்து பார்ப்பது. ஒரு கிராஃப் தாள், பென்சில், அரை மணி நேரம் போதும்.

முதலில் நான்கு எண்கள்

ஒரு நாளில் ஆயிரக்கணக்கான விலைகளில் வியாபாரம் நடக்கலாம். அவை அத்தனையையும் நான்கே எண்களாகச் சுருக்குகிறார்கள். அன்று முதலில் நடந்த விலை ஓப்பன். அதிகபட்சமாகத் தொட்ட விலை ஹை. கீழே போனதில் கடைசி எல்லை லோ. முடிவில் நின்ற விலை குளோஸ். நாள் என்பது ஒரு உதாரணம்தான். ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு வாரம் என்று எந்தக் கால அளவை எடுத்தாலும் இதே நான்கு எண்கள்தான்.

நாம் வரையப்போகும் ஐந்து நாள் கணக்கு இது. பயிற்சிக்காக நானே போட்ட எண்கள்.

| நாள் | ஓப்பன் | ஹை | லோ | குளோஸ் |
|---|---|---|---|---|
| 1 | 100 | 106 | 99 | 105 |
| 2 | 105 | 107 | 96 | 104 |
| 3 | 98 | 102 | 97 | 101 |
| 4 | 101 | 109 | 100 | 101 |
| 5 | 103 | 108 | 102 | 107 |

வரையத் தொடங்கும் முன் ஒவ்வொரு வரியையும் ஒருமுறை சரிபாருங்கள். ஹையை விடப் பெரிய எண்ணும், லோவை விடச் சிறிய எண்ணும் அந்த வரியில் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தத் தரவில் எங்கோ பிழை என்று அர்த்தம். சின்ன வேலைதான், ஆனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய தரவுகளில் இந்தச் சோதனையில் தோற்கும் வரிகள் அவ்வப்போது கண்ணில் படும்.

தாளின் இடது ஓரத்தில் 95 முதல் 110 வரை எண்களை எழுதிக்கொள்ளுங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு எண். கீழே 1 முதல் 5 வரை நாட்கள். நாட்களுக்கு நடுவே மூன்று கட்டமாவது இடம் விடுங்கள். இதேபோல மூன்று தாள் தேவை.

முதல் தாள்: லைன் சார்ட்

இதற்கு ஒரு எண் போதும், குளோஸ். 105, 104, 101, 101, 107 என்று ஐந்து புள்ளி வைத்து நேர்கோட்டால் சேர்த்துவிடுங்கள். முடிந்தது.

இப்போது எண்களை மறந்துவிட்டு, படம் என்ன சொல்கிறது என்று மட்டும் பாருங்கள். லேசாக இறங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கியது, ஒரு நாள் அப்படியே நின்றது, கடைசி நாள் எழுந்தது. அமைதியான ஒரு வாரம். குறைந்தபட்சம் 101, அதிகபட்சம் 107.

ஆனால் அட்டவணையைப் பாருங்கள். இரண்டாம் நாள் விலை 96 வரை விழுந்து திரும்பியிருக்கிறது. நான்காம் நாள் 109 வரை ஏறி, ஏறிய அத்தனையையும் இழந்து கிளம்பிய இடத்துக்கே வந்திருக்கிறது. கோட்டில் அந்த நாள் ஒரு தட்டையான துண்டு, ஒன்றுமே நடக்காத நாள் மாதிரி.

இது வெறும் அழகியல் பிரச்சினை இல்லை. முதல் நாள் முடிவில் 105-க்கு வாங்கிய ஒருவர், 97-க்கு இறங்கினால் தானாக விற்றுவிடும்படி ஸ்டாப் லாஸ் போட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். வார இறுதியில் லைன் சார்ட்டைத் திறக்கிறார். கோடு 101-க்குக் கீழே போகவே இல்லை. அப்படியானால் என் பங்கு எப்படி விற்றுப்போனது என்று குழம்புவார். விற்றது இரண்டாம் நாள் 96 வரை நடந்த அந்த இறக்கத்தில். கோட்டில் அதற்கு இடமே கிடையாது.

அதற்காக லைன் சார்ட்டை ஒதுக்க வேண்டியதில்லை. இருபது வருட விலையை ஒரே திரையில் பார்க்கவோ, இரண்டு மூன்று பங்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடவோ இதைவிட நல்லது இல்லை. அந்த வேலைக்குக் கேண்டிலைப் போட்டால் திரை முழுக்க இரைச்சல்தான் மிஞ்சும். இன்னொரு நன்மையும் உண்டு. தரவில் ஒரு நாளின் ஹை 107-க்குப் பதிலாக 1070 என்று தவறாகப் பதிவாகியிருந்தால், கேண்டில் சார்ட்டில் அந்த ஒரே நாளுக்கு வானுயரக் குச்சி எழுந்து, மற்ற நாட்கள் எல்லாம் அடியில் நசுங்கிக் கிடக்கும். லைன் சார்ட் அந்தத் தவறைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. குளோஸ் விலை தவறாக இருந்தால்தான் அதற்கும் அடி.

இரண்டாம் தாள்: பார் சார்ட்

பள்ளிக் கணக்கில் பூஜ்யத்திலிருந்து எழும்பும் பட்டைப் படத்தையும் பார் சார்ட் என்றுதான் சொல்வோம். இது அது இல்லை. இங்கே பார் என்பது ஒரு மெல்லிய நெட்டுக் குச்சி. அதன் அடி லோ, நுனி ஹை. பூஜ்யத்துக்கு இங்கே வேலை இல்லை.

முதல் நாளுக்கு 99-லிருந்து 106 வரை ஒரு நெட்டுக்கோடு போடுங்கள். பிறகு 100-க்கு நேராக, குச்சியின் இடப்பக்கம் ஒரு சின்னக் கோடு. அது ஓப்பன். 105-க்கு நேராக வலப்பக்கம் ஒரு சின்னக் கோடு. அது குளோஸ். எந்தப் பக்கம் எது என்று குழப்பம் வந்தால், சார்ட்டில் நேரம் இடமிருந்து வலமாக ஓடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது இடது, கடைசியில் வருவது வலது.

மற்ற நான்கு நாட்களையும் இப்படியே வரையுங்கள். நான்காம் நாளில் இடக்கோடும் வலக்கோடும் 101-இல் நேருக்கு நேர் நிற்கும், மேலே நீளமான குச்சி. லைன் சார்ட்டில் தட்டையாகக் கிடந்த நாள் இதுதான். இரண்டாம் நாள் குச்சி ஐந்திலும் நீளமானது, 96 முதல் 107 வரை.

வலப்பக்கக் கோடு மட்டும் உள்ள குச்சிகளையும் சில இடங்களில் பார்ப்பீர்கள். அதில் ஓப்பன் கிடையாது, மற்ற மூன்றுதான். மென்பொருளில் இது தனி வகையாகவே இருக்கும், `HLC bars` என்ற பெயரில். ஓப்பன் பதிவாகாத தரவுக்கு அது பொருத்தம். ஆனால் அந்த நாளுக்குள் விலை ஏறி முடிந்ததா, இறங்கி முடிந்ததா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

மூன்றாம் தாள்: கேண்டில்ஸ்டிக்

ஜப்பானிலிருந்து வந்த முறை இது. பாரில் உள்ள அதே நான்கு எண்கள்தான், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓப்பனுக்கும் குளோஸுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு பெட்டியாக வரைகிறோம். அதற்குப் பாடி என்று பெயர். பெட்டிக்கு மேலே ஹை வரை ஒரு மெல்லிய கோடு, கீழே லோ வரை ஒரு மெல்லிய கோடு. இவற்றை விக் என்பார்கள், மெழுகுவர்த்தித் திரி.

முதல் நாளுக்கு 100 முதல் 105 வரை பெட்டி, மேலே 106 வரை ஒரு கட்டத் திரி, கீழே 99 வரை ஒரு கட்டத் திரி. குளோஸ் ஓப்பனை விட மேலே இருப்பதால் பச்சை. இரண்டாம் நாள் 105-இல் தொடங்கி 104-இல் முடிந்ததால் சிவப்பு. பெட்டி ஒரே ஒரு கட்டம்தான், ஆனால் அடியில் எட்டுக் கட்ட நீளத்துக்குத் திரி தொங்கும். விலை கீழே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது அந்தத் திரியில் ஒரே பார்வையில் தெரிகிறது. நான்காம் நாளில் ஓப்பனும் குளோஸும் ஒன்றே என்பதால் பெட்டியே வராது. 101-இல் ஒரு படுக்கைக் கோடு, அதன் நடுவிலிருந்து மேலே எட்டுக் கட்டத்துக்கு ஒரு கம்பம், கீழே ஒரு கட்டம். பாடி இல்லாத இப்படிப்பட்ட கேண்டிலை டோஜி என்பார்கள்.

பார் சார்ட்டையும் கேண்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகவல் ஒன்றுதான், கண் போகும் இடம்தான் வேறு. பாரில் முதலில் தெரிவது குச்சியின் முழு நீளம், அதாவது அன்று விலை எவ்வளவு தூரம் அலைந்தது என்பது. கேண்டிலில் முதலில் தெரிவது தடித்த பெட்டி, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் எவ்வளவு தள்ளி என்பது. புதிதாகப் படிப்பவருக்குக் கேண்டில்தான் எளிது என்பது என் எண்ணம். இடது எது, வலது எது என்று ஒவ்வொரு குச்சியிலும் தேட வேண்டியதில்லை. அதே சமயம் முந்நூறு நானூறு நாட்களை ஒரே திரையில் அடைத்தால் கேண்டில்கள் ஒன்றோடொன்று ஒட்டி வண்ணச் சுவர் மாதிரி ஆகிவிடும். அங்கே பார் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

நிறம் ஏமாற்றும் இடம்

இப்போது மூன்றாம் நாளைக் கவனியுங்கள். 98-இல் தொடங்கி 101-இல் முடிந்தது. ஆகவே பச்சைக் கேண்டில். லைன் சார்ட்டிலோ அதே நாளில் கோடு 104-லிருந்து 101-க்கு இறங்குகிறது. முந்தைய நாள் முடிவில் பங்கைக் கையில் வைத்திருந்தவருக்கு அது மூன்று புள்ளி நஷ்ட நாள். பச்சை எப்படி வந்தது?

கேண்டிலின் நிறம், அன்றைய குளோஸை அன்றைய ஓப்பனோடு மட்டும்தான் ஒப்பிடுகிறது. முந்தைய நாளை அது பார்ப்பதே இல்லை. விலை இரவோடிரவாக 104-லிருந்து 98-க்குக் குதித்துவிட்டது. அந்த இடைவெளி எந்தக் கேண்டிலுக்குள்ளும் இல்லை, இரண்டு கேண்டில்களுக்கு நடுவே இருக்கிறது. வீழ்ச்சி நடந்தது அங்கே. பச்சை என்றால் லாபம் என்று பாடம் செய்துகொண்டவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். நானும் ஆரம்பத்தில் பச்சைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பச்சை இருந்தும் கணக்கில் ஏன் பணம் குறைந்திருக்கிறது என்று விழித்தவன்தான்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கேண்டிலின் நிறத்தை விட்டுவிட்டு, இரண்டு பெட்டிகளின் குளோஸ் பக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். பச்சைப் பெட்டியில் மேல் விளிம்பு குளோஸ், சிவப்பில் கீழ் விளிம்பு குளோஸ். இரண்டாம் நாளின் கீழ் விளிம்பு 104, மூன்றாம் நாளின் மேல் விளிம்பு 101. இறக்கம் என்பது உடனே தெரிந்துவிடும்.

நிறத்தின் பொருள் எல்லா இடத்திலும் ஒன்று என்றும் எண்ண வேண்டாம். ஜப்பான், சீனா போன்ற நாடுகளின் சந்தைத் திரைகளில் சிவப்பு ஏற்றத்தைக் குறிக்கும். `TradingView`-இல் அமைப்புகளுக்குள் `Color bars based on previous close` என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் நிறம் முந்தைய நாள் குளோஸோடு ஒப்பிட்டு வரும், நம் மூன்றாம் நாள் சிவப்பாகிவிடும். அதே மென்பொருளின் சார்ட் வகைகளில் `Hollow candles` என்ற ஒன்றும் உண்டு. அதில் இரண்டு கேள்விக்கும் தனித்தனிப் பதில் கிடைக்கும்: உள்ளே வெறுமையா நிரம்பியதா என்பது அன்றைய ஓப்பனோடு ஒப்பீடு, நிறம் முந்தைய குளோஸோடு ஒப்பீடு. நம் மூன்றாம் நாள் அங்கே வெறும் உட்புறத்தோடு சிவப்பு விளிம்பாக வரும். பார்க்க விசித்திரம்தான், ஆனால் நடந்ததைச் சரியாகச் சொல்லும் படம் அது.

`Google Sheets`-இல் வரைந்து பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கேண்டில் சார்ட்டுக்கு எண்களை லோ, ஓப்பன், குளோஸ், ஹை என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். நம் அட்டவணையை அப்படியே கொடுத்தால் படம் வரும், ஆனால் தவறான படம் வரும். போதாக்குறைக்கு அங்கே நிரம்பிய பெட்டி ஏற்றம், வெறும் பெட்டி இறக்கம். வெறும் பெட்டியை ஏற்றமாகப் படித்துப் பழகியவர்களுக்கு இது நேர் தலைகீழ்.

மூன்றுமே சொல்லாத ஒன்று

மறுபடி இரண்டாம் நாளுக்கு வருவோம். ஓப்பன் 105, ஹை 107, லோ 96, குளோஸ் 104. இதில் ஹை முதலில் வந்ததா, லோ முதலில் வந்ததா?

தெரியாது. விலை 105-லிருந்து 107-க்கு ஏறி, அங்கிருந்து 96-க்கு விழுந்து, 104-க்கு மீண்டிருக்கலாம். அல்லது தொடங்கியதுமே 96-க்கு விழுந்து, 107 வரை எழுந்து, கடைசியில் 104-இல் அடங்கியிருக்கலாம். இரண்டுக்கும் வரும் கேண்டில் அச்சுப் பிசகாமல் ஒன்றுதான். பாரும் அப்படியே.

இது எப்போது வலிக்கும் என்றால், ஒரு யோசனையைப் பழைய விலைகளில் சோதித்துப் பார்க்கும்போது. காலை 105-க்கு வாங்கி, 107 வந்தால் லாபத்தோடு விற்பது, 97 வந்தால் நஷ்டத்தோடு வெளியேறுவது என்று ஒரு திட்டம். இரண்டாம் நாளில் இந்த இரண்டு விலைகளும் வந்திருக்கின்றன. முதல் பாதையில் இரண்டு புள்ளி லாபம், இரண்டாவது பாதையில் எட்டுப் புள்ளி நஷ்டம். நாள் கேண்டிலை வைத்துக்கொண்டு இதில் எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஹை 107-ஐத் தொட்டிருக்கிறது, ஆகவே லாபம் என்று மனசு தனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளும். இப்படிப்பட்ட நாட்கள் வரும்போது அதே நாளை ஐந்து நிமிடச் சார்ட்டில் திறந்து வரிசையைப் பாருங்கள். அந்தத் தரவு இல்லையென்றால் அந்த நாளை நஷ்டக் கணக்கில் போடுவது பாதுகாப்பு.

ஐந்தை ஒன்றாக்குவது

கடைசியாக ஒரு வேலை. இந்த ஐந்து நாளையும் சேர்த்து ஒரே வாரக் கேண்டில் வரையுங்கள். ஓப்பன் முதல் நாளுடையது, 100. குளோஸ் ஐந்தாம் நாளுடையது, 107. ஹை ஐந்து ஹைகளில் பெரியது, 109. லோ ஐந்து லோக்களில் சிறியது, 96. எங்கும் சராசரி எடுப்பதில்லை.

வருவது 100 முதல் 107 வரை ஒரு நல்ல பச்சைப் பெட்டி, மேலே இரண்டு கட்டம், கீழே நான்கு கட்டம் திரி. நாள் கணக்கில் பார்த்த டோஜியும், நடுவே குதித்த இடைவெளியும் போன இடம் தெரியவில்லை. லைன் சார்ட் ஒரு நாளுக்குள் நடந்ததை மறைத்தது போலவே, வாரக் கேண்டில் வாரத்துக்குள் நடந்ததை மறைக்கிறது.

புதன்கிழமை அன்றே அந்த வாரக் கேண்டிலைத் திறந்து பார்த்தாலும் திரையில் ஏதோ ஒன்று நிற்கும். அது இன்னும் முடியாத கேண்டில். நம் கணக்கில் மூன்றாம் நாள் முடிவில் அது 100 முதல் 101 வரை ஒரு கட்டப் பச்சை. அதே நாள் காலை விலை 98-இல் இருந்தபோது அது சிவப்பாக இருந்திருக்கும். அதில் அப்போதைக்கு மாறாத எண் ஓப்பன் ஒன்றுதான். ஹை இன்னும் ஏறலாம், லோ இன்னும் இறங்கலாம், குளோஸ் என்று காட்டுவது அந்த நொடியின் விலைதான். திரையின் மேல் மூலையில் `O` `H` `L` `C` என்று நான்கு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் `C` இன்னும் துடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கேண்டிலின் வடிவத்துக்குப் பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம்.